தொடர் மாற்றும் வினாவில் மதிப்பெண் போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தமிழ்த்தேர்வில் "கலவைத் தொடராக மாற்றுக", "தனித்தொடர்களாகப் பிரித்து எழுதுக", "அயற்கூற்றாக மாற்றுக", "பொருள் மாறாமல் எதிர்மறைத் தொடராக்குக" என்று சின்னச் சின்ன வினாக்கள் வரும். கோத்தகிரியில் மாலை நேர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். விதி தெரியாமல் தவறு செய்பவர்கள் குறைவு. விதியை ஒப்பிப்பார்கள், ஆனால் எழுதிய தொடரில் யார் எதைச் செய்தார் என்பது மாறிப்போயிருக்கும். அதனால் இலக்கணத்தை முதலிலிருந்து நடத்தாமல், விடைத்தாளில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். திருத்தி வந்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

அறிகுறி 1: இணைத்த தொடர் காதுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் ஆசிரியர் அடித்துவிட்டார்

இதுதான் மிக அதிகமாக வருவது. வினா இப்படி: "மணி அடித்தது. மாணவர்கள் வெளியே வந்தார்கள். கலவைத் தொடராக மாற்றுக." விடை: "மணி அடித்து மாணவர்கள் வெளியே வந்தார்கள்."

இதைப் படித்தால் மாணவர்களே மணியை அடித்துவிட்டு வெளியே வந்ததுபோல் இருக்கிறது. காரணம், 'அடித்து', 'வந்து', 'போய்' போன்ற வினையெச்சங்கள் பின்னால் வரும் வினைமுற்றின் எழுவாயையே தமக்கும் எழுவாயாகக் கொள்ளும். நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளைச் செய்து, செய்பு, செய்யா, செய்யூ என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "முதலில் நான்கும் ஈற்றில் மூன்றும் வினைமுதல் கொள்ளும்" என்கிறது. அதாவது அந்த வினையைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும். மீதி வாய்பாடுகளான செய்தென, செய, செயின் முதலியவை வேறு எழுவாயையும் ஏற்கும். தேர்வுக்கு இந்த ஒரு பிரிவினை போதும்.

ஆகவே இணைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: ஒவ்வொரு தொடரிலும் எழுவாய்க்குக் கீழே கோடு போடுங்கள். எழுவாய் தொக்கி நின்றால், அதாவது வெளியே தெரியாமல் இருந்தால், பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். கோடு போட்ட சொற்கள் ஒன்றானால் 'செய்து' வாய்பாடு. வேறானால் அதைத் தொடக்கூடாது. அங்கே அடித்ததும், அடித்தவுடன், அடித்ததால், அடிக்க என்று போக வேண்டும். "மணி அடித்ததும் மாணவர்கள் வெளியே வந்தார்கள்." முடிந்தது.

இனி மூன்று தொடர் உள்ள ஒன்றை முழுசாகச் செய்து பார்க்கலாம். ஜனவரியில் இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்:

இரவில் உறைபனி விழுந்தது. தேயிலைக் கொழுந்து கருகியது. தொழிலாளர்கள் வேறு பகுதிக்குப் போனார்கள்.

பிள்ளைகள் எழுதுவது: "இரவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகி தொழிலாளர்கள் வேறு பகுதிக்குப் போனார்கள்." பேச்சில் நாம் இப்படித்தான் சொல்வோம், யாருக்கும் புரியாமல் போகாது. எழுத்தில் கோடு போட்டுப் பாருங்கள்: உறைபனி, கொழுந்து, தொழிலாளர்கள். மூன்றும் வேறு. ஆகவே 'விழுந்து', 'கருகி' இரண்டுமே நிற்காது.

அடுத்து, எது முதன்மைத் தொடர் என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் கடைசியில் நடந்ததுதான். இங்கே தொழிலாளர்கள் போனது. அதை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அதன் முன்னால் துணைத்தொடர்களாகக் கட்ட வேண்டும். "உறைபனி விழுந்ததால் கொழுந்து கருகியதால் தொழிலாளர்கள்..." என்று எழுதினால் இலக்கணம் தப்பில்லை, ஆனால் 'ஆல்', 'ஆல்' என்று இடிக்கிறது. இரண்டு துணைத்தொடர் வரும்போது ஒன்றைப் பெயரெச்சமாக்கிவிட்டால் இடிக்காது: "இரவில் விழுந்த உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகியதால் தொழிலாளர்கள் வேறு பகுதிக்குப் போனார்கள்."

எழுதிய பிறகு அதைத் திரும்பப் பிரித்துப் பாருங்கள். உறைபனி எப்போது விழுந்தது? இரவில். எது கருகியது? கொழுந்து. யார் போனது, எங்கே? மூன்று தொடரும் குறையில்லாமல் திரும்பி வந்தால் விடை சரி. 'இரவில்' என்ற சொல்லை விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான இழப்பு.

கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மழை பெய்து நெல் விளைந்தது என்று புத்தகத்தில் வருகிறதே சார், அங்கே எழுவாய் வேறுதானே?" உண்மைதான். அங்கே 'பெய்து' என்பது 'பெய்ய' என்ற பொருளில் நிற்கிறது என்று உரைகாரர்கள் அமைதி சொல்வார்கள். அதுபோல உறுப்பின் வினை உறுப்புடையவரோடும் முடியும். பசுவின் கால் ஒடிந்தது, பசு விழுந்தது என்பதைப் "பசு கால் ஒடிந்து விழுந்தது" என்று தாராளமாக எழுதலாம். இந்த இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். முதலாவதை இலக்கணப் பகுதிக்கு வைத்துக்கொண்டு, தொடர் மாற்றும் வினாவில் 'பெய்ததால்' என்றே எழுதுங்கள். திருத்துபவரோடு வாதாட அங்கே நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

அறிகுறி 2: எழுவாய் சரி, ஆனால் பொருள் வேறாகிவிட்டது

இது இணைப்பு உருபின் கோளாறு. ஒரே ஒரு எழுத்து செய்யும் வேலை:

பனி விழுந்தால் கொழுந்து கருகும்.
பனி விழுந்ததால் கொழுந்து கருகியது.

முதலாவது நிபந்தனை, இரண்டாவது காரணம். அவசரத்தில் நடுவிலிருக்கும் 'த' காணாமல் போகும். "பனி விழுந்தால் கொழுந்து கருகியது" என்று எழுதிய விடைத்தாள்கள் ஏராளம். கண்டுபிடிப்பது எளிது. 'விழுந்தால்' என்று எழுதியிருந்தால் தொடரின் கடைசி வினையைப் பாருங்கள். நிபந்தனைக்குப் பின்னால் 'கருகும்' போல எதிர்காலமோ, 'போ', 'சொல்' போல ஏவலோ வரும். 'கருகியது' என்று இறந்தகாலம் நின்றால் 'த' விழுந்துவிட்டது என்று பொருள்.

நடக்காத காரணத்தில் இன்னொரு சிக்கல். "நாளை பஸ் வராது. நாங்கள் நடந்து போவோம்." இதை "நாளை பஸ் வராததால்" என்று எழுதினால் நாளை வராததை இன்றைக்கே பார்த்துவிட்டதுபோல ஒரு நெருடல். "நாளை பஸ் வராது என்பதால் நாங்கள் நடந்து போவோம்" என்பது சுத்தம். 'என்பதால்' எந்தக் காலத்துக்கும் பொருந்தும், ஆகவே காலம் குழப்பினால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தொடர் நாம் எதிர்பார்த்ததற்கு எதிராக இருந்தால் 'உம்' தேவை. "பனி விழுந்தது. கேரட் கருகவில்லை." இங்கே 'விழுந்ததால்' போட்டால், பனி விழுந்ததுதான் கேரட்டைக் காப்பாற்றியது என்று ஆகிவிடும். "பனி விழுந்தும் கேரட் கருகவில்லை" அல்லது "விழுந்தபோதிலும்". 'விழுந்தாலும்' வேண்டாம், அது விழுந்ததா இல்லையா என்று தெளிவாகச் சொல்லாது.

அறிகுறி 3: கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று

தனித்தொடர் என்றால் எழுவாய் ஒன்றோ பலவோ வந்து ஒரே பயனிலையில் முடிவது. தொடர்நிலைத் தொடர் என்றால் ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெறுவது. கலவைத் தொடர் என்றால் ஒரு முதன்மைத் தொடரும், அதைச் சார்ந்து ஒன்றோ பலவோ துணைத்தொடர்களும். இதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வினாத்தாளில் அடைப்புக்குள் இருப்பதைப் படிக்காமல் எழுதுவதுதான் பிரச்சினை.

ஓர் எழுவாயில் செய்து பார்க்கலாம். "மலைரயில் 1899இல் குன்னூர் வரை வந்தது. மலைரயில் 1908இல் உதகை வரை நீண்டது." தொடர்நிலைத் தொடர்: "மலைரயில் 1899இல் குன்னூர் வரை வந்தது, பின்னர் 1908இல் உதகை வரை நீண்டது." இரண்டு வினைமுற்றும் உயிரோடு இருக்கின்றன. கலவைத் தொடர்: "1899இல் குன்னூர் வரை வந்த மலைரயில் 1908இல் உதகை வரை நீண்டது." ஒரு வினைமுற்றுதான் மிச்சம், மற்றது பெயரெச்சமாகிச் சார்ந்துவிட்டது. வினைமுற்றை எண்ணினால் எதை எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். சில விடைகளில் ஒரே எழுவாய்க்கு வினையெச்சங்களை வரிசையாக அடுக்கியதையும் தொடர்நிலை என்றே ஏற்பார்கள். உங்கள் பாடநூலில் மாதிரியாகக் காட்டியிருப்பது எந்த வடிவமோ அதே வடிவில் எழுதுவது பத்திரம்.

பிரித்து எழுதும் வினாவில் அறிகுறி தலைகீழ். "குன்னூரிலிருந்து வந்த ரயில் மரம் விழுந்ததால் நின்றது." பலர் இரண்டாகப் பிரிப்பார்கள்: மரம் விழுந்தது, குன்னூரிலிருந்து வந்த ரயில் நின்றது. 'வந்த' என்ற பெயரெச்சத்துக்குள் ஒளிந்திருக்கும் மூன்றாவது தொடர் வெளியே வரவில்லை. முழு விடை: "ரயில் குன்னூரிலிருந்து வந்தது. மரம் விழுந்தது. அதனால் ரயில் நின்றது." அந்த 'அதனால்' முக்கியம். விழுந்ததால் என்பதிலிருந்த காரணத்தை அதுதான் தாங்குகிறது. எச்சங்களையெல்லாம் வட்டமிட்டு, வட்டங்களோடு வினைமுற்றையும் சேர்த்து எண்ணுங்கள். எத்தனை வருகிறதோ அத்தனை தொடர்.

அறிகுறி 4: அயற்கூற்றில் யார் யாரிடம் சொன்னார் என்று குழம்புகிறது

கமலா செல்வியிடம், "நான் இன்று உன் வீட்டுக்கு வருகிறேன்" என்றாள்.

வழக்கமான தவறான விடை: "கமலா செல்வியிடம் அவள் அன்று அவள் வீட்டுக்கு வருகிறதாகக் கூறினாள்." யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

இதற்குத் தமிழில் அருமையான கருவி இருக்கிறது, 'தான்'. பேசியவரைக் குறிக்கும் நான், நாம், நாங்கள் ஆகியவை தான், தாம், தாங்கள் என்று மாறும். கேட்டவரைக் குறிக்கும் நீ என்பது அவன், அவள் ஆகும். நீங்கள் என்பது அவர்கள் ஆகும். பிறகு அண்மைச் சொற்கள் சேய்மைக்குப் போகும். இது அதுவாகும், இங்கே அங்கேயாகும், இன்று அன்றாகும், நாளை மறுநாளாகும், நேற்று முன்னாளாகும். மேற்கோள் குறி போய்விடும். ஆக: "தான் அன்று அவளுடைய வீட்டுக்கு வருவதாகக் கமலா செல்வியிடம் கூறினாள்."

வினையில் ஒரு சின்னப் பொறி. 'வருவேன்', 'வருகிறேன்' இரண்டுமே 'வருவதாக' என்றுதான் ஆகும். 'வருகிறதாக' என்று எழுதுவது பேச்சு வழக்கு. 'வந்தேன்' மட்டும் 'வந்ததாக'. ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த கையோடு தமிழுக்கு வருபவர்கள் எல்லா வினையையும் இறந்தகாலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். தமிழில் அந்த வேலை கிடையாது, பேசியவர் சொன்ன காலம்தான் நிற்கும்.

ஏவல் வந்தால் 'ஆக' பொருந்தாது. "நாளை இங்கே வாருங்கள்" என்று ஆசிரியர் மாணவர்களிடம் சொன்னால், "மறுநாள் அங்கே வருமாறு ஆசிரியர் மாணவர்களிடம் கூறினார்." வினா வந்தால் 'கூறினார்' போய் 'கேட்டார்' வரும், வினாக்குறியும் போய்விடும்.

அறிகுறி 5: எதிர்மறையாக்கினேன், பொருள் தலைகீழாகிவிட்டது

வினாவில் 'பொருள் மாறாமல்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 'வந்தார்' என்பதை 'வரவில்லை' ஆக்கிவிட்டுப் போகலாம். இருந்தால் எதிர்மறை இரண்டு வேண்டும், அல்லது எதிர்ச்சொல்லோடு ஓர் எதிர்மறை வேண்டும்.

"ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் வந்தனர்" என்பதற்கு "எல்லோரும் வரவில்லை" என்று எழுதினால் பொருள் கவிழ்ந்துவிட்டது. அதோடு, ஒருவருமே வரவில்லையா, சிலர் வரவில்லையா என்பதும் தெரியாது. "ஊர்த் திருவிழாவுக்கு வராதவர் எவருமிலர்" என்பதில் 'வராத', 'இலர்' என்று இரண்டு எதிர்மறை. ஒன்றை ஒன்று நீக்கிப் பொருள் பழையபடி வந்துவிடும். "மலைப்பாதை கடினமானது" என்பதற்கு எதிர்ச்சொல் வழி எளிது: "மலைப்பாதை எளிதன்று." ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. பாதைகள் என்றால் "எளியன அல்ல".

அறிகுறி 6: செயப்பாட்டுவினையில் கடைசிச் சொல் சிவப்பு வட்டத்துக்குள்

"ஜான் சல்லிவன் கன்னேரிமுக்கில் பங்களாவைக் கட்டினார்" என்பதை "ஜான் சல்லிவனால் கன்னேரிமுக்கில் பங்களா கட்டப்பட்டார்" என்று எழுதிவிடுவார்கள். எழுவாய் மாறியும் பழைய விகுதி கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது எழுவாய் பங்களா, ஆகவே 'கட்டப்பட்டது'. கூடலூர்ப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சிரமம். மலையாள வினையில் ஆண், பெண், பன்மை காட்டும் விகுதி கிடையாது, அதனால் தமிழ் வினையின் கடைசிப் பகுதியைக் கவனிக்கும் பழக்கம் பள்ளியில்தான் தொடங்குகிறது. அவர்கள் எந்த வகை மாற்றம் செய்தாலும் கடைசியில் எழுவாயையும் வினையையும் மட்டும் தனியே எடுத்து வாசிக்க வேண்டும்: "பங்களா கட்டப்பட்டது." இரண்டு சொல் பொருந்தினால் போதும். இன்னொரு தடயம், 'ஐ' உருபு. "பங்களாவை கட்டப்பட்டது" என்று வந்தால் மாற்றம் பாதியில் நின்றுவிட்டது.

அறிகுறி 7: மாற்றம் சரி, ஒற்றில் அடி

தொடரை இணைக்கும்போதுதான் புதிய எச்சங்கள் உருவாகின்றன, ஆகவே ஒற்றுப்பிழையும் புதிதாகப் பிறக்கும். 'கருகி' போல இகரத்தில் முடிந்தால் அடுத்துவரும் க, ச, த, ப மிகும்: கருகிப் போனது. 'அடித்து' போல வன்தொடரில் முடிந்தாலும் மிகும்: அடித்துத் திறந்தான். 'விழுந்து' போல மென்தொடரானால் மிகாது: விழுந்து கிடந்தது. 'விழுந்த பனி' போன்ற பெயரெச்சத்தில் மிகாது. 'பறிக்கப் போனார்கள்' போல 'செய' எச்சத்தில் மிகும். தொடர் மாற்றத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

எல்லாம் புரிகிறது, தேர்வில் மட்டும் வரவில்லை என்றால்

பயிற்சி சிதறிக் கிடக்கிறது என்று அர்த்தம். பழைய வினாத்தாளில் உள்ள இருபது வினாவை ஒரே மூச்சில் செய்வதைவிட, ஒரே செய்தியை எல்லா வடிவத்திலும் திருப்பிப் போடுவது பலன் தரும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி, கால் மணி நேரம்.

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து இடது பக்கத்தில் மூன்று தனித்தொடர் எழுதுங்கள். நீங்களே பார்த்ததாக இருக்கட்டும்: ரயில் கல்லாற்றை அடைந்தது. பற்சக்கரம் பல்தண்டவாளத்தைப் பற்றியது. ரயில் மலையேறியது. எழுவாய்க்குக் கோடு போடுங்கள்: ரயில், பற்சக்கரம், ரயில். நடுவில் எழுவாய் மாறுகிறது என்று பார்த்த உடனேயே 'அடைந்து', 'பற்றி' இரண்டும் வராது என்று தெரிந்துவிட்டது.

வலது பக்கத்தில் கலவை: "ரயில் கல்லாற்றை அடைந்ததும் பற்சக்கரம் பல்தண்டவாளத்தைப் பற்ற, ரயில் மலையேறியது." அதன் கீழே இரண்டாவது தொடர் மட்டும் செயப்பாட்டில்: "பற்சக்கரத்தால் பல்தண்டவாளம் பற்றப்பட்டது." அதன் கீழே மூன்றாவது தொடர் ஓட்டுநர் வாயில்: "இப்போது ரயில் மலையேறுகிறது" என்று ஓட்டுநர் கூறினார். அதையே அயற்கூற்றில்: அப்போது ரயில் மலையேறுவதாக ஓட்டுநர் கூறினார். கடைசியாகப் பொருள் மாறா எதிர்மறை: ரயில் மலையேறாமல் இல்லை. இந்தக் கடைசி வடிவம் கொஞ்சம் செயற்கையாகத்தான் ஒலிக்கும், பரவாயில்லை, கை பழகத்தான்.

மறுநாள் இடது பக்கத்தை மூடிவிட்டு, வலது பக்கத்திலிருக்கும் கலவைத் தொடரை மட்டும் பார்த்து மூன்று தனித்தொடரையும் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போன சொல்லையும் மாறிப்போன உருபையும் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் மேலே சொன்ன அறிகுறியின் எண்ணை மட்டும் எழுதுங்கள். இரண்டு வாரம் போனதும் ஓரத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு எண் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அடுத்த வாரம் முழுவதும் அந்த வகைக்கு மட்டும். எண் 1 என்றால் எழுவாய் மாறும் மூன்று தொடர்களாகத் தேடி எழுதுங்கள். எண் 4 என்றால் வீட்டில் இருவர் பேசிக்கொண்டதை அப்படியே மேற்கோளில் எழுதி அயற்கூற்றாக்குங்கள். பாட்டியும் அம்மாவும் பேசுவது இதற்குச் சரியான சரக்கு, அதில் நானும் நீயும் நேற்றும் நாளையும் கலந்தே வரும்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிரிக்கும்படி இரண்டு பேர் நோட்டை மாற்றிக்கொண்டால் இன்னும் வேகம். தான் எழுதியதில் விட்டுப்போன சொல்லை மனசு தானாக நிரப்பிக்கொள்ளும், அடுத்தவருக்கு அந்த வசதி கிடையாது.